நரைத்த தாடி மீசைக்கு டை: அடித்தது தெரியாத ஷேடைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கறுத்த முடி உள்ள ஒருவர் தாடிக்கு டை வாங்கக் கடைக்குப் போனால், கை தானாக ‘நேச்சுரல் பிளாக்’ பாக்கெட்டுக்குப் போகும். தலைமுடி கறுப்பு, தாடியும் கறுப்பாகத்தானே இருந்தது என்ற கணக்கு. முகத்தில் டை அடித்தது தெரிகிறது என்றால் பெரும்பாலும் காரணம் அந்தப் பாக்கெட்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். மீதிக் காரணம், ஒரு வெள்ளை முடிகூட விடாமல் பூசுவது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஆளை வைத்துப் பார்ப்போம். வயது 48. தலையில் இதுவரை டை அடிக்கவில்லை. காதோரம் மட்டும் நரை. தாடி ஒரு சென்டிமீட்டர் நீளம். மோவாயில் நூற்றுக்கு எழுபது முடி வெள்ளை, கன்னத்தில் நாற்பது, மீசையில் இருபது. நம் ஊரில் நாற்பதைத் தாண்டிய பலருக்கும் நரை கிட்டத்தட்ட இப்படித்தான் விழுகிறது.

1. எந்த நாளில் பூசுவது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

கல்யாணம் நாளை என்று இன்று இரவு டை வாங்குவதுதான் முதல் தவறு. ஷேடு சரியா என்று பார்க்கவும், தோல் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கவும் இரண்டு நாள் வேண்டும். பூசியபின் தோலில் ஏறிய கறை மறைய இன்னொரு நாள் வேண்டும்.

நடைமுறையில் வியாழன் மாலை தாடியை டிரிம் செய்து இரண்டு சோதனைகளையும் செய்யுங்கள். சனி மாலை பூசுங்கள். ஞாயிறு முழுக்க வீட்டில். திங்கள் காலை அலுவலகம் போகும்போது கறையும் போயிருக்கும், புதிதாகப் பூசியபோது இருக்கும் அந்த அழுத்தமான நிறமும் ஒரு சுற்று இறங்கியிருக்கும்.

தேவையான பொருட்கள் அதிகம் இல்லை. பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணம் ஒன்று, கையுறை, வாசலின், பழைய டூத்பிரஷ், செல்லோ டேப், நேரம் பார்க்க போன். உலோகக் கிண்ணமும் ஸ்பூனும் வேண்டாம். டையில் உள்ள பெராக்சைடு உலோகத்தோடு வினைபுரிந்து கலவையின் வேகத்தைக் கெடுக்கும்.

டை வாங்கும்போது அட்டையில் தாடி மீசைக்கும் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தலைக்கு மட்டும் என்று போட்டிருப்பதை முகத்துக்குக் கொண்டுவராதீர்கள். முகத்துத் தோல் தலைத்தோலைவிடச் சீக்கிரம் எரியும், வாயும் பக்கத்திலேயே இருக்கிறது.

2. உங்கள் முடி உண்மையில் என்ன நிறம் என்று பாருங்கள்

நம் முடியைக் கறுப்பு என்று சொல்கிறோம். காலை ஒன்பது மணி வெயிலில், வெளிச்சம் முடிக்குப் பின்னாலிருந்து வரும்படி நின்று ஒரு கறுத்த தாடி முடியை உற்றுப் பாருங்கள். நுனி பழுப்பாகத் தெரியும். சிலருக்குச் செம்பு கலந்த பழுப்பு. மீசையின் ஓர முனையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

தாடி முடி தலைமுடியைவிடத் தடிமனானது. ஆனால் பலருக்கும் அதன் நிறம் தலைமுடியைவிட ஒரு படி வெளிறியே இருக்கிறது. ஆகவே தலைமுடியின் நிறத்தைத் தாடிக்கு அளவுகோலாக வைத்தால் ஆரம்பமே தப்பு. நரைக்காமல் மிச்சமிருக்கும் தாடி முடிதான் உங்கள் அளவுகோல்.

இரண்டாவது அளவுகோல் புருவம். தாடி புருவத்தைவிடக் கறுப்பாக இருந்தால் முகம் பார்த்தவுடன் ஏதோ இடிக்கும். பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் டை என்று தெரிந்துவிடும். புருவத்தில் இரண்டு நரை இருந்தால் தாடியிலும் சில நரை இருக்கலாம் என்று அர்த்தம். அதற்காகப் புருவத்துக்கும் டை அடித்துச் சரிசெய்யப் போகாதீர்கள். கண்ணுக்கு அவ்வளவு அருகில் இந்த ரசாயனம் போகக் கூடாது, பாக்கெட்டிலேயே அந்த எச்சரிக்கை இருக்கும்.

பார்ப்பதைப் பகல் வெளிச்சத்தில், உலர்ந்த முடியில் பாருங்கள். ட்யூப்லைட்டில் பழுப்பும் கறுப்பாகத் தெரியும். ஈர முடி உலர்ந்த முடியைவிட எப்போதும் ஒரு படி கறுப்பு. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று முடிவெடுப்பவர்கள் இந்த இரண்டிலும் ஒரே நேரத்தில் ஏமாறுகிறார்கள்.

3. நரை எங்கே, எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்

தாடியை ஒரே பரப்பாக நினைக்காதீர்கள். மோவாய், கன்னம், மீசை, காதோரக் கிருதா என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேல் வெள்ளையா கீழா என்று மட்டும் பாருங்கள். துல்லியமான எண்ணிக்கை தேவையில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், கறுத்த முடியின் நிறத்தை வீட்டு டை பெரிதாக மாற்றாது. வெள்ளை முடியில்தான் டையின் நிறம் அப்படியே தெரியும். மீசையில் இருபது முடிக்குத்தான் புது நிறம் வரும், மிச்சம் எண்பது முடி உங்கள் சொந்த நிறமாகவே நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் டை கரைந்துவிடும். மோவாயில் நிலைமை தலைகீழ். அங்கே எழுபது முடி ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.

இயற்கையான தாடியில் எந்த இரண்டு முடியும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. ஒரே நிறத்தில் எழுபது முடி சேர்ந்து நின்றால், அந்த நிறம் உங்கள் சொந்த முடியின் நிறமேயானாலும், பார்வைக்கு அதைவிட ஒரு படி கறுப்பாகவும் தட்டையாகவும் தெரியும். கரியால் தீட்டிய மாதிரி மோவாய் மட்டும் தனியே நிற்பது இதனால்தான்.

வெள்ளை எந்த அளவுக்கு அதிகமோ, ஷேடு அந்த அளவுக்கு வெளிறியிருக்க வேண்டும். பாதிக்குக் கீழே வெள்ளை என்றால் உங்கள் சொந்தத் தாடி நிறமே போதும். பாதிக்கு மேல் என்றால் அதைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள்.

4. அட்டையில் உள்ள எண்ணைப் படியுங்கள், பெயரை அல்ல

பல கம்பெனிகளின் அட்டையில் ஷேடுக்கு ஓர் எண் இருக்கும். வழக்கமான முறையில் 1 என்பது கறுப்பு, 2 கிட்டத்தட்டக் கறுப்பு, 3 டார்க் பிரவுன், 4 பிரவுன், 5 லைட் பிரவுன். எண் ஏற ஏற நிறம் வெளிறும். ‘நேச்சுரல்’ என்ற சொல்லை நம்பாதீர்கள்; ‘நேச்சுரல் பிளாக்’ பெரும்பாலும் 1 தான்.

கறுப்பு ஷேடின் கோளாறு கறுப்பாக இருப்பது மட்டுமல்ல. வெள்ளை முடியில் ஏறிய அது வெயிலில் நீலம் பாய்ந்த கறுப்பாகத் தெரியும். நம் சொந்த முடியோ வெயிலில் பழுப்பாகத் தெரிகிறது. நிழலில் பொருந்திப்போன தாடி பஸ் ஸ்டாப்பில் காட்டிக்கொடுப்பது இப்படித்தான்.

கறுத்த முடிக்காரரின் தாடிக்குப் பெரும்பாலும் 3 அல்லது 4 போதும். பாதிக்குக் குறைவான நரைக்கு 3. பாதிக்கு மேல் நரை, அல்லது அறுபதை நெருங்கும் வயது, அல்லது தலையில் நரையை அப்படியே விட்டிருப்பவர் என்றால் 4. ஏறக்குறைய முழுத் தாடியும் வெளுத்தவர் 5 வரை போகலாம். அதைத் தாண்டினால் நிறம் துருப்பிடித்த மாதிரி ஆகிவிடும், நம் தோல் நிறத்துக்கு அது ஒட்டவே ஒட்டாது.

புள்ளிக்குப் பின்னால் வரும் எண் நிறத்தின் சாயலைச் சொல்கிறது. பல கம்பெனிகளில் .0 என்றால் சாயல் இல்லாத நிறம், .1 சிவப்பை அடக்கும் ‘ஆஷ்’, .3 தங்கம், .4 செம்பு, .5 மஹோகனி, .6 சிவப்பு. இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால், அட்டையின் பக்கத்தில் உள்ள விளக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தாடிக்குப் புள்ளி இல்லாத எண்ணோ .0 எண்ணோதான் வேண்டும். பர்கண்டி, மஹோகனி, செஸ்ட்நட், கோல்டன் என்று எது எழுதியிருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

முன்பு அடித்த பிரவுன் ஒரு வாரத்தில் சிவந்துபோன அனுபவம் இருந்தால் மட்டும் ஆஷைப் பற்றி யோசியுங்கள். 4.0-இல் மூன்று பங்கு, அதே கம்பெனியின் 4.1-இல் ஒரு பங்கு கலந்தால் சிவப்பு அடங்கும். முழுக்க முழுக்க ஆஷ் மட்டும் பூசினால் வெள்ளை முடியில் சாம்பல் பச்சை தட்டும், அதனால் கால் பங்குக்கு மேல் போகாதீர்கள்.

3-ஆ 4-ஆ என்று திகைத்தால் 4 எடுங்கள். வெளிறிப்போனால் அடுத்த வாரம் 3 பூசிக்கொள்ளலாம். கறுத்துப்போனால் வீட்டில் அதை வெளுக்கப் பாதுகாப்பான வழி கிடையாது.

இங்கே ஒரு குறுக்கு வழி பரவலாகப் புழங்குகிறது: கறுப்பையே வாங்கி, பத்து நிமிடத்துக்குப் பதில் நான்கு நிமிடத்தில் கழுவிவிடுவது. அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த டை முடிக்குள் போய், அங்கே வினை நடந்து முடிந்தால்தான் நிற்கும். பாதியில் கழுவினால் வினை முடியாது. நிறம் சீக்கிரம் இறங்கும், இடத்துக்கு இடம் வேறுபடும், செம்மையும் தட்டும். வெளிறிய ஷேடை வாங்கி, அட்டையில் போட்ட நேரம் முழுவதும் வைப்பதே சரி.

5. வெட்டிய முடியில் ஷேடைச் சோதியுங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. செய்தால் முகத்தில் தவறு நடக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வியாழன் அன்று தாடியை டிரிம் செய்வதற்கு முன், மோவாயின் அடியிலிருந்து பத்துப் பதினைந்து வெள்ளை முடியைக் கத்தரியால் வெட்டி எடுங்கள். கறுத்த முடியும் ஐந்தாறு வேண்டும். வெள்ளை முடிகளை இரண்டு கற்றையாகப் பிரித்து, ஒரு முனையில் செல்லோ டேப் ஒட்டுங்கள். கறுத்த முடியைத் தனியே ஒட்டி வையுங்கள். அதுதான் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி.

3, 4 இரண்டிலும் சின்னப் பாக்கெட் வாங்கி, அட்டையில் சொன்ன விகிதத்தில் கால் ஸ்பூன் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். கிரீமாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு ட்யூபிலிருந்தும் சம அளவு. பவுடராக இருந்தால் தண்ணீர். ஒவ்வொரு கற்றையிலும் ஒன்றைப் பூசி, அட்டையில் உள்ள முழு நேரமும் வைத்து, ஷாம்பூ போட்டுக் கழுவி, நன்றாக உலரவிடுங்கள்.

கிண்ணத்தில் இருக்கும் கலவையின் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காற்றுப் பட்டதும் எல்லா ஷேடும் கறுக்கும். 4-ஆம் எண் கிரீம்கூடக் கால்மணி நேரத்தில் காப்பிக் கொட்டை நிறத்துக்கு வந்துவிடும். முடியில் ஏறும் நிறம் வேறு.

உலர்ந்த மூன்று கற்றைகளையும் மறுநாள் காலை ஜன்னலோரம் வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். நம் ஆளுக்கு 3-ஆம் எண் அவருடைய கறுத்த முடியோடு வித்தியாசமே தெரியாமல் பொருந்தியது என்று வைத்துக்கொள்வோம். 4 ஒரு நூல் வெளிறியிருக்கிறது. பார்த்தவுடன் 3 என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அவருக்கு மோவாயில் எழுபது முடி வெள்ளை. அத்தனையும் 3-க்குப் போனால் முன்பு சொன்னபடி அந்த இடம் இன்னும் கறுத்துத் தெரியும். ஆகவே அவர் எடுக்க வேண்டியது 4. மீசையில் அதே 4 வெளிறிய சில இழைகளாக நிற்கும். அது இயற்கையான மீசையில் இருப்பதுதான். இரண்டு இடத்துக்கும் இரண்டு ஷேடு தேவைப்படவில்லை.

முகத்தில் உடல்சூடு இருப்பதால் டை வெட்டிய கற்றையில் பிடித்ததைவிடச் சற்று நன்றாகவே பிடிக்கும். இதுவும் 4 பக்கமே சாய்வதற்கு ஒரு காரணம்.

தாடி மிகக் குட்டையாக இருந்து வெட்டி எடுக்க முடியாவிட்டால், தோல் சோதனை முடிந்தபின், தாடைக்கு அடியில் வெளியே தெரியாத இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூசிப் பாருங்கள்.

6. அதே கலவையில் தோல் சோதனை

கலந்ததில் மிளகு அளவு எடுத்துக் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ தடவுங்கள். அட்டையில் சொன்னபடி விட்டு, 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு, கொப்புளம் என்று எது வந்தாலும் அந்த டை உங்களுக்கு இல்லை. கொஞ்சம்தானே அரித்தது என்று முகத்தில் பூசினால் உதடும் கண்ணிமையும் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லும் பாரா-பினைலீன்டயமின். பல வருடம் ஒத்துக்கொண்டவருக்கும் திடீரென்று ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகவே போன வருடம் சோதித்தேன் என்பது கணக்கில் வராது.

ஒத்துக்கொள்ளாதவர்கள் ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கும் பாக்கெட்டுக்கு மாறுவது பெரிய ஆபத்து. அந்தப் பவுடர்கள் பலவற்றில் இதே பிபிடி இருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். மருதாணி இலை மட்டும் நரைத்த தாடியை ஆரஞ்சாக்கும், கறுப்பாக்காது. மருதாணியும் அவுரிப் பொடியும் கலந்தால் பழுப்பு வரும். அதற்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டும், நிறமும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது. ஆனால் ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான். அதையும் தோலில் சோதித்துவிட்டே பூசுங்கள்.

7. பூசும் அன்று: வரிசை மாறக் கூடாது

முகச் சவரத்தை முதல் நாளே முடித்துவிடுங்கள். அன்றே கன்னக் கோட்டையும் கழுத்தையும் மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் டை இறங்கி எரியும், கறையும் ஆழமாகப் பிடிக்கும்.

காலையில் தாடியை ஷாம்பூ போட்டுக் கழுவி, முழுக்க உலரவிடுங்கள். அன்று தேங்காய் எண்ணெய் வேண்டாம், தாடி எண்ணெயும் வேண்டாம். எண்ணெய்ப் படலம் இருந்தால் டை வழுக்கிப்போகும். தடித்த வெள்ளை முடி ஏற்கெனவே முரண்டு பிடிக்கும். எண்ணெயும் இருந்தால் அங்கங்கே வெள்ளையாகவே நின்றுவிடும்.

கன்னக் கோடு, உதடு, மூக்குக்குக் கீழே, காது மடல், கழுத்துக் கோடு ஆகிய இடங்களில் தோலில் மட்டும் வாசலின் தடவுங்கள். முடியில் பட்டால் அந்த இடத்தில் நிறம் ஏறாது.

ஒரு சென்டிமீட்டர் தாடிக்கும் மீசைக்கும் கிரீம் என்றால் 10 கிராமும் 10 கிராமும் கலந்தால் தாராளம். மிச்சத்தை மூடிய டப்பாவில் வைக்காதீர்கள்; வாயு சேர்ந்து டப்பா வெடித்துத் திறக்கும், கலவையும் வீணாகிவிடும். மிஞ்சியதை உடனே கழுவிக் கொட்டுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் கலந்த டையோ கலக்காத பாக்கெட்டோ இருக்கவே கூடாது; வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

முதலில் மோவாய். வெள்ளை அதிகம், முடி தடிமன், அதனால் அதிக நேரம் அங்கேதான் தேவை. அடுத்து கன்னம். கடைசியாக மீசை. மீசையை முதலில் பூசுவது பலருடைய பழக்கம், கண்ணாடியில் கண் போவது அங்கேதான். ஆனால் மீசையில் வெள்ளை குறைவு, அதன் அடித்தோலில் கறை பிடித்தால் மேலுதடு முழுக்க மை அப்பிய மாதிரி ஆகிவிடும்.

டூத்பிரஷில் கொஞ்சமாக எடுத்து, முடி வளரும் திசையில் இழுத்து விடுங்கள். தோலில் தேய்க்காதீர்கள். முடிக்கு அடியில் தோலும் கறுத்தால் தாடியின் அடர்த்தியே பொய்யாகத் தெரியும். எல்லா முடியையும் மூடியாக வேண்டும் என்று திரும்பத் திரும்ப அப்ப வேண்டாம். பிரஷ் தொடாமல் விட்ட பத்துப் பதினைந்து வெள்ளை முடிகள்தான் மற்றதை நம்ப வைக்கும்.

கிருதா தனி விஷயம். நம் ஆளுக்குக் காதோரத் தலைமுடியில் நரை இருக்கிறது. அதற்குக் கீழே கிருதா முழுப் பழுப்பானால், காதுக்கு நேராகக் கோடு போட்ட மாதிரி வெட்டு விழும். காது மடலின் நடுவிலிருந்து மேலே பூசவே வேண்டாம். அதற்குக் கீழே இரண்டு விரற்கடை தூரத்துக்குப் பிரஷில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை மட்டும் இழுத்து விடுங்கள். நரை மெல்லக் கலந்து இறங்கும். தலைக்கும் டை அடிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அவருடைய தாடி தலையைவிட ஒரு படி வெளிறியிருக்க வேண்டும்.

நேரத்தை மோவாயில் பூசத் தொடங்கியபோதிலிருந்து கணக்கிடுங்கள். அட்டையில் 10 நிமிடம் என்றால் 10. தாடிக்கென்றே வரும் சில ஜெல்களுக்கு 5 நிமிடம்தான். இடையில் எரிச்சல் வந்தால் நேரம் பார்க்காமல் கழுவிவிடுங்கள்.

8. கழுவி, உலர்ந்த பிறகு பாருங்கள்

வெதுவெதுப்பான தண்ணீரில், நுரையில் நிறம் வருவது நிற்கும் வரை கழுவுங்கள். தண்ணீர் வாய்க்குள் போகாதபடி குனிந்து நின்று கழுவுவது நல்லது. தோலில் கறை இருந்தால் உடனே பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். அரை மணி நேரம் கழித்து என்றால் அது அவ்வளவு எளிதில் போகாது.

ஈரத்தோடு கண்ணாடியைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். மறுநாள் பகல் வெளிச்சத்தில், ஒரு கை நீளத்தில் கண்ணாடியை வைத்து மூன்றைப் பாருங்கள்: மோவாய் கன்னத்தைவிடக் கறுப்பாக இருக்கிறதா, தாடி புருவத்தைவிடக் கறுப்பாக இருக்கிறதா, கன்னக் கோடு தீட்டியதுபோல் தெரிகிறதா. மூன்றுக்கும் இல்லை என்றால் ஷேடு சரி.

9. சரியாக வராவிட்டால்

மிகவும் கறுத்துவிட்டது: முதல் இரண்டு நாளில் பொடுகு ஷாம்பூவால் நாளுக்கு இரண்டு முறை கழுவினால் ஓரளவு இறங்கும். பிளீச் பக்கம் போகாதீர்கள். முகத்தோல் வெந்துபோகும், முடி ஆரஞ்சாகும். டிரிம்மர்தான் நல்ல மருந்து. தாடி நாளுக்குச் சுமார் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. 5 மில்லிமீட்டருக்கு வெட்டிக்கொண்டு அதே நீளத்தில் வைத்திருந்தால், இரண்டு வாரத்தில் டை ஏறிய முடி ஏறக்குறைய முழுவதும் போய்விடும்.

சில நாளில் சிவக்கிறது: நேரத்துக்கு முன்பே கழுவியிருப்பீர்கள், அல்லது சாயல் உள்ள ஷேடை எடுத்திருப்பீர்கள். இரண்டும் இல்லை என்றால் உங்கள் முடியே சிவப்புப் பக்கம் சாயும் முடி. அடுத்த முறை கால் பங்கு ஆஷ் சேருங்கள்.

அங்கங்கே வெள்ளை நின்றுவிட்டது: எண்ணெய், சோப்புப் படிவு, அல்லது அந்த இடத்தில் போதுமான கிரீம் இல்லை. சிலவற்றை அப்படியே விடலாம். ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் மட்டும் ஒரு வாரம் கழித்து அந்த இடத்துக்கு மட்டும் பூசுங்கள்.

தோலில் தடிப்பு, வீக்கம், நீர் கோத்தல் வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டை பட்ட இடத்தில் நாளடைவில் தோல் வெளுக்கத் தொடங்கினாலும் அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

10. இரண்டாம் முறையிலிருந்து ஷேடு தானாகக் கறுக்கும்

முதல் தடவை அழகாக வந்து, மூன்றாம் மாதம் கரிக்கட்டையாகிவிட்டது என்பார்கள். ஷேடு மாறவில்லை. ஏற்கெனவே டை ஏறிய முடியின் மேல் மறுபடி ஏறுகிறது, அவ்வளவுதான். தலையில் வேருக்கு மட்டும் பூசலாம். ஒரு சென்டிமீட்டர் தாடியில் வேரை மட்டும் தொட முடியாது.

அதனால் ஒவ்வொரு முறையும் பூசுவதற்கு முன் டிரிம் செய்து, பழைய நிறம் உள்ள நுனியை வெட்டிவிடுங்கள். நம் ஆள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பூசுகிறார் என்றால், அதற்குள் ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் புது முடி வந்திருக்கும். தாடியை 7 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டுப் பூசினால் ஏறக்குறைய முழுவதும் புது முடி. நிறம் முதல் தடவை வந்த மாதிரியே வரும்.

ஐந்தாறு நாளில் அடியில் இரண்டு மில்லிமீட்டர் வெள்ளை தலைகாட்டும். அதற்காக வாராவாரம் முழுத் தாடிக்கும் பூச வேண்டாம். கறுப்பு அடித்தவருக்கு அந்த வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். 4 அடித்தவருக்கு நரை லேசாகக் கலந்த தாடியாகவே இன்னும் ஒரு வாரம் ஓடும். அவசரமாக ஒரு விசேஷம் வந்தால், கழுவினால் போய்விடும் பிரஷ் வடிவத் தற்காலிக நிறத்தில் அதே பிரவுனை வாங்கி மோவாயில் மட்டும் தொட்டுக்கொள்ளலாம். வியர்வையில் சட்டைக் காலரில் இறங்கும் என்பதால், வெள்ளைச் சட்டை போடும் நாளில் கழுத்துப் பக்கம் வேண்டாம்.